வரி என்று சொன்னது நான்தான்

பந்தலூர் பஜாரில் பேக்கரிக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைதான் என் ஆபீஸ். நான் ஆடிட்டர் இல்லை. பி.காம். முடித்து, கோயமுத்தூரில் ஒரு ஆடிட்டரிடம் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகி மலைக்கு வந்தவள். கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி., வாத்தியார்களுக்கும் பேங்க்காரர்களுக்கும் நர்ஸ்களுக்கும் வருமான வரிக் கணக்கு என்று இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஜூலை முப்பத்தொன்று கடைசித் தேதி என்பதால் ஜூலை மாதம் எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது. மழையும் அப்போதுதான் விடாமல் கொட்டும். கரண்ட் போகும், நெட் போகும், ஆட்கள் மட்டும் வந்துகொண்டே இருப்பார்கள்.

அந்த ஜூலையில் ஒரு மத்தியானம் அவள் வந்தாள். கூடவே அவள் புருஷனும் வந்திருந்தார்.

அவளை எனக்கு ஏழெட்டு வருடமாகத் தெரியும். கூடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். சேரங்கோடு பக்கம் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் வீடு. அவளுடைய தாத்தா காலத்தில் சிலோனிலிருந்து வந்த குடும்பம். அந்தக் குடும்பத்தில் தேயிலைக் கூடை தூக்காத முதல் பெண் அவள். வருடா வருடம் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு வருவாள். நான் கணக்கைப் போட்டுத் தாக்கல் செய்து கொடுப்பேன். போன வருடம் மார்ச் மாதம் நடுவில் இங்கிலாந்துக்குப் போனாள். வயதானவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஏஜெண்டுக்குக் கொடுக்கப் புருஷனின் அக்கா தன் நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்தாள் என்று போகும்போது சொல்லியிருந்தாள்.

இப்போது முகம் சுருங்கிப்போயிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"எப்பம்மா வந்தே? லீவா?" என்று கேட்டேன்.

"ஜூன்லயே வந்துட்டேன்க்கா. லீவு இல்ல. வெளிநாட்டு ஆள வேலைக்கு வெக்கற கம்பெனி லைசென்ஸ அந்த ஊரு கவர்மெண்டு புடுங்கிருச்சு. அறுவது நாளைக்குள்ள வேற கம்பெனி பாக்கணும்னாங்க. கெடைக்கல."

அவள் இதைச் சொல்லும்போது புருஷன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுகிறவர். பறித்த கொழுந்தை ஃபேக்டரிக்குக் கொண்டுபோகும் வேலை. அதிகம் பேசாதவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்று அவர்தான் முதலில் விஷயத்துக்கு வந்தார்.

"மேடம், இவளுக்கு மெயில்ல ஒரு பேப்பர் வந்திருக்கு. அங்க வருசத்துக்கு ஒருக்கா குடுக்கறதாம். பேங்க்ல காட்டினேன். அவங்க, ரெண்டு நாட்டு கவர்மெண்டும் இப்ப கணக்க மாத்திக்கறாங்க, இதுக்கு இங்கயும் வரி கட்டணும், கட்டலேன்னா நோட்டீஸ் வரும்னு பயமுறுத்தறாங்க. எவ்வளவு வரும்னு பாத்துச் சொல்லுங்க."

நனையாமல் இருக்கச் சட்டைக்குள் வைத்திருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். அதை பி-60 என்பார்கள். அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் வருட முடிவில் முதலாளி கொடுத்தாக வேண்டிய தாள் அது. நம் ஊரில் கம்பெனி கொடுக்கும் ஃபாரம்-16 மாதிரி. ஒரே பக்கம்தான். வருடம் முழுக்க மொத்தச் சம்பளம் எவ்வளவு, அதில் பிடித்த வரி எவ்வளவு, அரசாங்கக் காப்பீட்டுக்குப் பிடித்தது எவ்வளவு என்று கட்டங்களில் இருக்கும்.

சம்பளக் கட்டத்தில் இருபத்து மூவாயிரத்து இருநூறு பவுண்டு என்று இருந்தது. பக்கத்தில் பேனாவால் யாரோ ரூபாயில் பெருக்கி எழுதியிருந்தார்கள். இருபத்தாறு லட்சத்துச் சொச்சம். அந்த எண்ணைச் சுற்றி இரண்டு வட்டம்.

"மொதல்ல பயத்த விடுங்க," என்றேன் அவரிடம். "இதுக்கு இங்க ஒரு பைசா வரி இல்லீங்க."

அவர் நம்பவில்லை. நான் விளக்கினேன். நம் கணக்கு வருடம் ஏப்ரல் ஒன்றிலிருந்து மார்ச் முப்பத்தொன்று வரை. அவர்களுடையது ஏப்ரல் ஆறிலிருந்து அடுத்த ஏப்ரல் ஐந்து வரை. அந்த ஐந்து நாள் வித்தியாசம் இவள் விஷயத்தில் ஒன்றும் செய்யாது. நம் வருடம் முழுவதும் ஒரு நாள்கூட இவள் இந்தியாவில் இல்லை. அதனால் அந்த வருடத்துக்கு இவள் வெளிநாட்டில் வசித்தவள் என்றுதான் கணக்கு. அப்படிப்பட்டவர் வெளிநாட்டில் வேலை செய்து, வெளிநாட்டிலேயே வாங்கிய சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது. அதை நம் கணக்கில் வருமானமாகச் சேர்க்கவும் வேண்டாம். இங்குள்ள பேங்க் கணக்கில் வந்த வட்டியை மட்டும் காட்டினால் போதும். அதுவும் சில நூறு ரூபாய்தான்.

"பாஸ்போர்ட்டக் குடும்மா, முத்திரை தேதிய பாத்துக்கறேன்," என்றேன் அவளிடம். தேதிகள் சரியாகவே இருந்தன.

நான் சொல்லி முடித்ததும் அவர் பெருமூச்சு விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து, வட்டம் போட்ட எண்ணில் விரலை வைத்தார்.

"வரி இல்லன்னா சரி. அப்ப இந்தப் பணம் எங்க மேடம்?"

எனக்கு உடனே புரியவில்லை.

"இருவத்தாறு லட்சம் வாங்கிருக்கா. கவர்மெண்டு பேப்பர்லயே இருக்கு. வீட்டுக்கு வந்தது எவ்வளவு தெரியுமா? மாசம் முப்பதாயிரம், நாப்பதாயிரம். அதுல எங்கக்கா நகைக்கு வட்டி கூடச் சரியாப் போகல. போன மாசம் நகை ஏலத்துக்குப் போயிருச்சு. அக்கா வந்து எங்க லயத்து வாசல்ல நின்னு கத்தறாங்க, உம் பொண்டாட்டி லண்டன்ல பதுக்கி வெச்சிருக்கான்னு. நான் என்ன பதில் சொல்றது? கேட்டா, டேக்ஸ் புடிச்சிட்டாங்கங்கறா. எவன் பாதிச் சம்பளத்த டேக்ஸா புடிப்பான்? யாருக்கு அனுப்புனேன்னு கேட்டா அழறா."

அவள் அப்போது அழவில்லை. மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேக்ஸுன்னுதான் சொன்னாங்க," என்றாள். பிறகு என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "மேனேஜர் சொன்னாரு. நானும் நம்பிட்டேன்."

அந்தப் பார்வை என்னவென்று எனக்கு அப்போது தெரியவில்லை. கணக்கைப் பார்க்கும் அவசரத்தில் இருந்தேன். "பேங்க் ஸ்டேட்மெண்ட் இருக்காம்மா, அங்கத்தது?" என்று கேட்டேன். போனில் இருந்தது. கீழே பேக்கரிக்குப் பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுத்து வரச் சொன்னேன். அவரே இறங்கிப் போய் எடுத்து வந்தார்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவருக்குக் காட்டினேன். பி-60-ல் வரிக் குறியீடு என்று ஒரு கட்டம் உண்டு. அவளுக்கு அங்கே எல்லோருக்கும் இருக்கும் சாதாரணக் குறியீடுதான் போட்டிருந்தார்கள். அதன்படி வருடத்தில் முதல் பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் பவுண்டுக்கு வரியே இல்லை. அதற்கு மேல் வருவதில் ஐந்தில் ஒரு பங்கு வரி. கணக்குப் போட்டால் இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம் வரும். வரிக் கட்டத்திலும் அதேதான் இருந்தது. காப்பீட்டுக்கு எண்ணூற்றைம்பதுக்குப் பக்கம். இரண்டும் சேர்ந்து மூவாயிரத்தைத் தொடவில்லை.

"அப்ப இவ கைக்கு இருவதாயிரம் பவுண்டு வந்திருக்கணும்," என்றார் அவர். ஆள் கணக்கில் கெட்டி.

"வந்திருக்கணுங்க. ஆனா பாருங்க."

பேங்க் ஸ்டேட்மெண்டில் ஒவ்வொரு மாதமும் இருபத்தைந்தாம் தேதி வாக்கில் கம்பெனியிலிருந்து தொள்ளாயிரத்து ஐம்பது. பன்னிரண்டு மாதமும் அதே தொகை. அதிலிருந்து வாடகை, பஸ், சாப்பாடு, ஊருக்கு அனுப்பியது. வேறு எங்கேயும் ஒரு பெரிய தொகை போகவில்லை. கடைசியில் மிச்சம் பதினோரு பவுண்டு.

எட்டாயிரத்து எண்ணூறு பவுண்டு, நம் காசில் பத்து லட்சம், இரண்டு தாள்களுக்கும் நடுவில் காணாமல் போயிருந்தது.

"மாசா மாசம் சம்பளச் சீட்டு குடுத்தாங்களா?" என்று அவளைக் கேட்டேன்.

"இல்லக்கா. கேட்டா வாட்ஸப்ல ஒரு மெசேஜ் வரும். டேக்ஸ் கழிச்சு இவ்வளவுன்னு."

அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அந்த விசாவில் ஆளைக் கொண்டுவந்தால் இவ்வளவு சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்று அந்த நாட்டில் ஒரு வரம்பு இருக்கிறது. கம்பெனி அந்த வரம்புக்குத் தக்கபடி அரசாங்கத்திடம் சம்பளம் காட்டியிருக்கிறது, வரியையும் காட்டியிருக்கிறது. இவள் கையில் கொடுத்தது பாதி. அந்தப் பொய்க் கணக்குதான் வருட முடிவில் அரசாங்க முத்திரை குத்திய மாதிரி ஒரு தாளாக இவள் மெயிலுக்கு வந்து, இவள் புருஷன் கையில் இவளுக்கு எதிரான சாட்சியாகியிருந்தது.

இதை அவரிடம் சொன்னேன். அவர் இரண்டு தாள்களையும் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்.

"ஒரு வருசம் எப்படிடி நம்புனே? படிச்சவதானே. யாரயாச்சும் கேக்கக் கூடாதா?"

அவள் இப்போதும் என்னைப் பார்க்காமல் இருந்தாள். பார்த்துவிடக் கூடாது என்று கழுத்தை இறுக்கி வைத்திருந்தது தெரிந்தது. முதலில் அவள் என்னைப் பார்த்த பார்வை அப்போதுதான் உறைத்தது. போனை எடுத்தேன். அவளுடைய பழைய மெசேஜ்களைத் தேடி மேலே மேலே போனேன். போன வருட ஜூலை. இருந்தது.

நான் அதைப் பேசாமல் மூடி வைத்திருக்கலாம். அவள் காட்டிக் கொடுத்திருக்க மாட்டாள். மூடி வைக்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சின்ன பஜார் இது. பேர் கெட்டால் பிழைப்பு போய்விடும்.

வாய்ஸ் மெசேஜை எல்லோருக்கும் கேட்கும்படி போட்டேன்.

"அக்கா, நல்லாருக்கீங்களா? மூணு மாசமா கையில தொள்ளாயிரத்தம்பதுதான் வருது. சொன்ன சம்பளம் இது இல்ல. மீதி டேக்ஸுன்னு மேனேஜர் சொல்றாரு. இங்க அவ்வளவு டேக்ஸ் இருக்குமாக்கா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அதற்குக் கீழே என் பதில். பின்னால் பிரிண்டர் ஓடும் சத்தமும் யாரோ கேள்வி கேட்கும் சத்தமும்கூட அதில் விழுந்திருந்தது.

"வெளிநாட்டுல எல்லாம் அப்படித்தான் புடிப்பாங்க கண்ணு. பயப்படாம வேலையப் பாரு. வருசக் கடைசில ஒரு பேப்பர் குடுப்பாங்க, அப்பப் பாத்துக்கலாம்."

அவ்வளவுதான். அந்த ஊர் வரி என்ன என்று தேடிப் பார்க்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் பார்க்கவில்லை. ஆனால் பார்த்துச் சொல்கிற குரலில் சொல்லியிருந்தேன்.

கீழே பேக்கரியில் ஷட்டரை யாரோ பாதி இறக்கினார்கள். சாரல் உள்ளே அடித்திருக்கும்.

"அன்னைக்கே இல்லன்னு சொல்லிருந்தீங்கன்னா இவ வேற எடம் பாத்திருப்பா," என்றார் அவர். கத்தவில்லை.

"ஆமாங்க," என்றேன்.

"அப்ப லைசென்ஸும் போகல. மாறிருக்கலாம்."

"ஆமாங்க. எந் தப்புதானுங்க."

"இந்த அக்காவ ஏன் சொல்றீங்க," என்று அவள் இடையில் வந்தாள். "அவங்க என்ன செய்வாங்க, ஊரு வுட்டு ஊரு. என் சம்பளம், நான்தான் தோண்டித் துருவிக் கேட்டிருக்கணும்."

அவர் அவள் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒரு மாதமாக அவளை என்னென்ன கேட்டிருப்பார் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. ஆனால் எழுந்து வராந்தாவுக்குப் போய் மழையைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

அவளிடம், கூட வேலை பார்த்தவர்கள் யாராவது தொடர்பில் இருக்கிறார்களா என்று கேட்டேன். வயநாட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் மட்டும் அங்கேயே வேறு கம்பெனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். போன் போட்டோம். அவள் பாதி மலையாளத்திலும் பாதி இங்கிலீஷிலும் சொன்னாள்: சம்பளத்தில் அநியாயமாகப் பிடித்ததைக் கேட்கத் தொழிலாளர் தீர்ப்பாயம் இருக்கிறது, ஆனால் கடைசியாகப் பிடித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு, அதற்குள் முதலில் சமரசம் செய்துவைக்கும் அரசு அமைப்புக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆன்லைனில் செய்யலாம், காசு கிடையாது, வெளிநாட்டில் இருந்தும் செய்யலாம்.

"லாஸ்ட் சம்பளம் எப்ப?" என்று கேட்டாள்.

ஸ்டேட்மெண்டைப் பார்த்தேன். ஏப்ரல் இருபத்தைந்து. அன்று ஜூலை பதினேழு. ஒரு வாரம் இருந்தது.

வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள். நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு ஃபாரத்தைத் திறந்தேன். கம்பெனி பெயர் பி-60-ல் இருக்கிறபடியே, எழுத்து மாறாமல் போட வேண்டும். முகவரியும் அதில் இருப்பதுதான். நடுவில் கரண்ட் போனது. யு.பி.எஸ். கத்திக்கொண்டிருக்கும்போதே போன் நெட்டில் இணைத்து மறுபடி ஆரம்பித்தோம். அனுப்பியதும் அவள் மெயிலுக்கு ஒரு எண் வந்தது. அதைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் அதை இரண்டு தடவை வாசித்துப் பார்த்தாள்.

பிறகு எதற்காக வந்தார்களோ அந்தக் கணக்கையும் தாக்கல் செய்தேன். கட்டாயம் இல்லை; ஆனாலும் இத்தனை வருடம் விடாமல் செய்தது, இந்த வருடம் வெளிநாட்டில் வசித்தவள் என்ற குறிப்போடு பதிவில் இருக்கட்டும் என்றேன். ரசீதை எடுத்துப் பார்த்தாள். மொத்த வருமானம் என்ற இடத்தில் அறுநூற்றுச் சொச்சம் ரூபாய் வட்டி மட்டும் இருந்தது.

"என் சம்பளம் இதுல எங்க இருக்குக்கா?"

"இருக்காதும்மா. இங்க வரி இல்லாததால அது இதுல வராது."

"அங்கத்துப் பேப்பர்ல இருக்கறது பொய். இங்கத்துப் பேப்பர்ல ஒண்ணுமே இல்ல," என்றாள். "அப்ப நான் மாடு மாதிரி ஒழச்சதுக்கு எங்கயும் கணக்கு இல்ல."

வராந்தாவிலிருந்து அவர் உள்ளே வந்தார். அவள் சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும்.

"மேடம், ஒரு பேப்பர் எழுதிக் குடுங்க," என்றார். "தமிழ்ல. எங்கக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. இவளுக்கு நெசமா வந்தது எவ்வளவுன்னு எழுதுங்க. பேங்க் கணக்கப் பாத்தேன்னு எழுதுங்க. உங்க ஸ்டாம்பு போடுங்க."

என் ரப்பர் ஸ்டாம்புக்கு ஒரு கோர்ட்டிலும் மதிப்பு கிடையாது. அதைச் சொன்னேன். பரவாயில்லை என்றார். வெள்ளைத் தாளில் கையாலேயே எழுதினேன். பி-60-ல் காட்டியிருப்பது இவ்வளவு, சட்டப்படி பிடிக்க வேண்டியது இவ்வளவு, கணக்கில் வந்தது இவ்வளவு, மீதியைக் கம்பெனி கொடுக்கவில்லை. கடைசியில், இந்தப் பிடித்தம் வரிதான் என்று போன ஜூலையில் இவளுக்குத் தவறாகச் சொன்னவள் நானே என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை வாய்விட்டுப் படித்தார். கடைசி வரியில் கொஞ்சம் நின்றுவிட்டு முழுதாகப் படித்து முடித்தார். பிறகு அவளிடம் கொடுத்தார்.

"நீயே வெச்சுக்க," என்றார்.

ஃபீஸ் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. எப்போதும் கொடுக்கும் தொகையை மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அவள் பின்னாலேயே போனாள். இருவரும் ஒரே குடையில் போகவில்லை.

சமரசத்துக்குக் கம்பெனி பதிலே சொல்லவில்லை. சில வாரம் கழித்து, முயற்சி முடிந்தது என்று சான்றிதழ் வந்தது. அதை வைத்துத் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பம் போட்டோம். மார்கழிக் குளிரில் ஒரு நாள் அவள் மெயிலுக்கு வந்த கடிதத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள், சொத்து எதுவும் இல்லை, பாக்கி கேட்பவர்கள் பட்டியலில் உங்கள் பெயரையும் சேர்த்திருக்கிறோம், ஆனால் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று கம்பெனியைக் கலைக்க நியமிக்கப்பட்டவர் எழுதியிருந்தார்.

போன் செய்தேன். கூடலூரில் அதே ஆஸ்பத்திரியில் மறுபடி சேர்ந்திருந்தாள். சீனியாரிட்டி போய், புதிதாகச் சேர்ந்தவளின் சம்பளத்தில். நாத்தனார் இன்னும் பேசுவதில்லை. என் தாளைப் படித்துக் காட்டியபோது, காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்திருப்பாள் என்று சொன்னாளாம்.

கடிதத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"இதுக்கு மேல எந்த ஃபாரமும் இல்லையாக்கா?"

"கம்பெனி முழுகிப் போனா, அந்த ஊரு கவர்மெண்டு கொஞ்ச வாரச் சம்பளம் மட்டும் குடுக்கற ஏற்பாடு ஒண்ணு இருக்குன்னு படிச்சேன். உனக்கு வருமா வராதான்னு எனக்குத் தெரியலம்மா. தெரியாமச் சொல்ல மாட்டேன். கேட்டு எழுதிருக்கேன்."

"சரிக்கா," என்றாள். பின்னால் யாரோ சிஸ்டர், சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள்.

அதற்கும் இதுவரை பதில் வரவில்லை.